மொழித் தேர்வை எந்தத் தேதிக்குப் போடுவது? கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணும் முழு வழிகாட்டி

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி பக்கத்திலிருந்து வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைகள் முதலில் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "டிசம்பர் 15 கடைசித் தேதி, டிசம்பர் முதல் வாரத்தில் தேர்வு எழுதினால் போதுமா?" பெரும்பாலும் போதாது. தேர்வு எழுதும் நாள், ரிசல்ட் வரும் நாள், ஸ்கோர் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேரும் நாள், அங்கே அதை உங்கள் விண்ணப்பத்தோடு சேர்க்கும் நாள் என்று நான்கு நாள்கள் இருக்கின்றன. கடைசித் தேதி பொதுவாக இந்த நான்கில் ஏதோ ஒன்றைத்தான் குறிக்கும். எதைக் குறிக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் ஸ்லாட் போடுவதில்தான் பாதிச் சிக்கல் தொடங்குகிறது.

இங்கே ஐஇஎல்டிஎஸ் என்ற ஆங்கில மொழித் தேர்வை வைத்து, அமெரிக்க முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் ஒரு மாணவியின் கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். டோஃபல், பிடிஇ போன்ற மற்ற ஆங்கிலத் தேர்வுகளை எழுதுபவர்களுக்கு எங்கே மாறும் என்பதை அங்கங்கே சொல்கிறேன்.

1. ஸ்லாட் பார்க்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதலில் பாஸ்போர்ட். இந்தியாவில் ஐஇஎல்டிஎஸ் எழுத அதுதான் அடையாள ஆவணம். ஆதார் அட்டையோ கல்லூரி அட்டையோ செல்லாது. பதிவு செய்யும்போது கொடுத்த அதே பாஸ்போர்ட்டின் அசலைத் தேர்வு நாளில் கொண்டுபோக வேண்டும். நகல், போனில் எடுத்த படம் எதுவும் உதவாது. பாஸ்போர்ட் காலாவதியாகப் போகிறது என்றால், தேர்வுக்குப் பதிவு செய்யும் முன்பே புதுப்பித்துவிடுங்கள். பழைய எண்ணில் பதிவு செய்துவிட்டு இடையில் புதுப்பித்தால் எண் மாறிவிடும், அதைத் திருத்தத் தேர்வு நிறுவனத்தோடு மல்லுக்கட்ட வேண்டும்.

டெல்டாக்காரர்களுக்குத் தஞ்சாவூரிலும் திருச்சியிலும் பாஸ்போர்ட் சேவா கேந்திரா இருக்கிறது. அங்கே அப்பாயின்ட்மென்ட், பிறகு போலீஸ் விசாரணை, பிறகு தபால் என்று மூன்று கட்டம். கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கும் பிள்ளைக்கு ஊர் முகவரிக்கு விசாரணை வந்து, வீட்டில் ஆள் இல்லாமல் திரும்பிப் போவது சாதாரணமாக நடக்கிறது. அந்தச் சில வாரங்களைக் கணக்கில் வையுங்கள்.

அடுத்தது பெயர். நம் ஊரில் இனிஷியல்தான் பழக்கம், பாஸ்போர்ட்டிலோ கிவன் நேம், சர்நேம் என்று இரண்டு கட்டம். சிலருக்குச் சர்நேம் கட்டம் காலியாக இருக்கும், சிலருக்கு அப்பா பெயர் அங்கே இருக்கும், மார்க் ஷீட்டில் ஒற்றை எழுத்து இனிஷியல் மட்டும் இருக்கும். தேர்வுப் பதிவிலும் பல்கலைக்கழக விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, அதே வரிசையில், அதே எழுத்துக்கூட்டலில் பெயரைப் போடுங்கள். ஸ்கோர் மின்வழியில் போய்ச் சேரும்போது அங்குள்ள மென்பொருள் பெயர், பிறந்த தேதி, மின்னஞ்சல் ஆகியவற்றை வைத்துத்தான் பொருத்திப் பார்க்கிறது. ஒன்றில் "எஸ். கயல்விழி", இன்னொன்றில் "கயல்விழி செல்வம்" என்றிருந்தால் அது இரண்டு ஆளாகிவிடும். சர்நேம் காலியாக உள்ளவர்கள், பணம் கட்டும் முன்பே தேர்வு நிறுவனத்தின் உதவி எண்ணில் கேட்டுக்கொள்வது நல்லது.

2. பல்கலைக்கழகப் பக்கத்தில் தேட வேண்டிய நான்கு விஷயங்கள்

தேதி போடும் முன் ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் சேர்க்கைப் பக்கத்தையும், அதோடு அந்தத் துறையின் பக்கத்தையும் படியுங்கள். இரண்டும் வேறு வேறு சொல்வதுண்டு. அப்படி வேறுபட்டால், கூடுதலாகக் கேட்பதை வைத்துத் திட்டம் போடுங்கள்.

ஒன்று, கடைசித் தேதிக்குள் எது வந்திருக்க வேண்டும்? சில இடங்களில் ரிசல்ட்டின் பிடிஎஃப் நகலை நீங்களே ஏற்றினால் போதும், அதிகாரப்பூர்வ ஸ்கோரைச் சேர்க்கை கிடைத்த பிறகு அனுப்பலாம். வேறு சில இடங்களில் தேர்வு நிறுவனத்திடமிருந்து நேரடியாக வந்த ஸ்கோர் கடைசித் தேதிக்குள் சேர்ந்திருக்க வேண்டும். இந்த ஒரு வரியில் உங்கள் அட்டவணை இரண்டு, மூன்று வாரம் முன்பின்னாகும்.

இரண்டு, மொத்த மதிப்பெண்ணோடு ஒவ்வொரு பகுதிக்கும் தனிக் குறைந்தபட்சம் கேட்கிறார்களா? மூன்று, எந்த வகைத் தேர்வை ஏற்கிறார்கள்? வீட்டிலிருந்து எழுதும் டோஃபலையும், ஐஇஎல்டிஎஸ்ஸில் ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதுவதையும் ஏற்காத இடங்கள் உள்ளன.

நான்கு, ஸ்கோர் எந்த நாள்வரை செல்ல வேண்டும்? ஐஇஎல்டிஎஸ், டோஃபல், பிடிஇ மூன்றின் மதிப்பெண்ணும் பொதுவாக 2 ஆண்டுக்குத்தான் ஏற்கப்படும். அந்த 2 ஆண்டை விண்ணப்பிக்கும் நாள்வரை எண்ணும் பல்கலைக்கழகமும் உண்டு, வகுப்பு தொடங்கும் நாள்வரை எண்ணுவதும் உண்டு. மூன்றாம் ஆண்டிலேயே எழுதி வைத்துக்கொண்டு, வேலைக்குப் போய்விட்டுப் பிறகு விண்ணப்பிப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

3. பின்னோக்கி எண்ணுங்கள்: ஒரு கணக்கு

மன்னார்குடியில் ஒரு மாணவி. பெயர் கயல்விழி என்று வைத்துக்கொள்வோம். திருச்சியில் பொறியியல் கடைசி ஆண்டு படிக்கிறாள். இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள், இரண்டுக்கும் டிசம்பர் 15. மொத்தம் 7.0 வேண்டும், எந்தப் பகுதியும் 6.5-க்குக் கீழே போகக் கூடாது. அதிகாரப்பூர்வ ஸ்கோர் கடைசித் தேதிக்குள் வந்திருக்க வேண்டும் என்று இரண்டுமே சொல்கின்றன.

டிசம்பர் 15 இரவு 11.59 என்பது அமெரிக்கக் கிழக்கு நேரம் என்றால், நமக்கு 16-ஆம் தேதி காலை 10.29. இந்தப் பத்தரை மணி நேரத்தைக் கையிருப்பாக நினைக்க வேண்டாம். விண்ணப்பப் பொத்தானை அழுத்த அது உதவும், ஸ்கோர் போய்ச் சேர உதவாது.

வந்த ஸ்கோரை விண்ணப்பத்தோடு சேர்க்கப் பல்கலைக்கழகத்துக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் விடுங்கள். நவம்பரின் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்காவில் தேங்க்ஸ்கிவிங் விடுமுறை. அந்த வார இறுதியில் அலுவலகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும், திரும்பி வரும்போது குவிந்து கிடக்கும். அதனால் டிசம்பர் 1-க்குள் ஸ்கோர் அங்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும் என்று வைப்போம். ரிசல்ட் வந்து, அனுப்பி, சேர ஒரு வாரம். எனவே ரிசல்ட் நவம்பர் 24-க்குள் வேண்டும். கணினி வழி ஐஇஎல்டிஎஸ் ரிசல்ட் பெரும்பாலும் ஓரிரு நாளிலேயே வந்துவிடுகிறது. ஆனாலும் ஐந்து நாள் என்று கணக்கிடுங்கள். ஆக, அவள் தேர்வு எழுதக்கூடிய கடைசி நாள் நவம்பர் 19 வாக்கில்.

அது இரண்டாவது முயற்சிக்கான நாள் என்பதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். முதல் தேர்வு சரியாக வராவிட்டால், ரிசல்ட் பார்த்து, குறையைச் சரிசெய்து, மறுபடி எழுத மூன்று நான்கு வாரமாவது வேண்டும். எனவே முதல் தேர்வு அக்டோபர் நடுவில். அதற்கு ஸ்லாட் போட வேண்டியது செப்டம்பர் தொடக்கத்தில். பாஸ்போர்ட் கையில் இருக்க வேண்டியது ஆகஸ்ட் முடிவதற்குள். டிசம்பர் 15 என்று ஆரம்பித்த கணக்கு ஆவணி மாதத்தில் வந்து நிற்கிறது.

4. மழைக்காலத்தையும் தீபாவளியையும் சேர்த்து எண்ணுங்கள்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரிலிருந்து டிசம்பர்வரை, அமெரிக்க விண்ணப்பக் காலமும் அதேதான். ஐப்பசி, கார்த்திகையில் வேதாரண்யத்திலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ காலை எட்டு மணிக்குத் திருச்சியில் நிற்க வேண்டும் என்றால் முதல் நாளே கிளம்பி அங்கே தங்குவதுதான் சரி. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தபோது பல கிராமங்களில் மின்சாரம் திரும்பவே வாரக்கணக்கில் ஆனது. அப்படியொன்று வந்தால் தேர்வு நிறுவனம் தேதியை மாற்றித் தரலாம். ஆனால் பல்கலைக்கழகத்தின் கடைசித் தேதி தானாக நகராது, நீங்களே எழுதிக் கேட்க வேண்டும்.

இதனால்தான் முதல் முயற்சியை மழை வலுக்கும் முன் முடித்துவிடச் சொல்கிறேன். தீபாவளியை ஒட்டிய வாரத்தில் ஸ்லாட் எடுத்தால் திரும்பிவர பஸ்ஸிலும் இடம் இருக்காது, ரயிலிலும் இருக்காது. திருச்சியில் தேதி இல்லாமல் சென்னையில்தான் கிடைத்தது என்றால், உழவன், மன்னை போன்ற இரவு ரயில்களில் டிக்கெட் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பிறகு தேர்வுப் பணத்தைக் கட்டுங்கள். இரவு ரயிலில் போய் இறங்கிய அதே காலையில் லிஸனிங் எழுத உட்காருவது நல்ல யோசனை அல்ல.

வீட்டிலிருந்து எழுதும் டோஃபல் இந்த அலைச்சலைக் குறைக்கும் என்று தோன்றும். தனி அறை, தடங்கலில்லாத இணையம், நடுவில் யாரும் கதவைத் திறக்காமை எல்லாம் வேண்டும். மழையில் கரண்ட் போனால் இன்வெர்ட்டர் கணினியைக் காப்பாற்றும், தெருமுனையில் இருக்கும் இணையப் பெட்டியைக் காப்பாற்றாது. பல்கலைக்கழகம் ஏற்கிறது என்று உறுதியானாலும், மழைக்காலத்தில் சென்டருக்குப் போவதையே நான் சொல்வேன்.

5. ஸ்லாட் எடுக்கும்போது கவனிக்க வேண்டியவை

இந்தியாவில் ஐஇஎல்டிஎஸ் தேர்வை இப்போது ஐடிபி என்ற நிறுவனம் நடத்துகிறது. கணினி வழித் தேர்வுக்குச் சென்னையில் தேதிகள் நெருக்கமாக இருக்கும், சிறிய ஊர்களில் இடைவெளி கூடும். பதிவுப் பக்கத்தில் ஊரை மாற்றி மாற்றிப் பாருங்கள்: திருச்சி, பிறகு சென்னை, கோயம்புத்தூர், மதுரை.

அகாடமிக், ஜெனரல் டிரெய்னிங் என்று இரண்டு வகை. பல்கலைக்கழகத்துக்கு அகாடமிக். அவசரத்தில் தவறாக எடுத்தால், எழுதி முடித்த பிறகு அதை மாற்ற வழியே இல்லை. இங்கிலாந்து விசாவுக்கென்று தனியாக ஒரு ஐஇஎல்டிஎஸ் உண்டு. பட்டப்படிப்புக்கும் அதற்கு மேலும் சாதாரண அகாடமிக் தேர்வையே பல பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் ஏற்கின்றன. ஆனால் முதன்மைப் படிப்புக்கு முந்தைய ஆங்கிலப் பயிற்சி வகுப்புக்குப் போகிறவர்களிடம் விசா வகையைக் கேட்கக்கூடும்.

பேச்சுத் தேர்வின் நேரத்தைத் தனியாகப் பாருங்கள். லிஸனிங், ரீடிங், ரைட்டிங் மூன்றும் ஒரே அமர்வு. ஸ்பீக்கிங் அதே நாளிலும் இருக்கலாம், சில நாள் முன்னோ பின்னோ இருக்கலாம். திருத்துறைப்பூண்டியிலிருந்து வருபவருக்கு அது இரண்டு பயணம். இரண்டும் ஒரே நாளில் அமையும் தேதி இருந்தால், ஒரு வாரம் தள்ளியிருந்தாலும் அதை எடுக்கலாம்.

பணம் கட்டும் முன் தேதி மாற்றும் விதியைப் படியுங்கள். தேர்வு நெருங்க நெருங்கத் தேதி மாற்றுவது செலவாகும், ஒரு கட்டத்துக்குமேல் முடியாது. டோஃபலில் தேர்வுக்கு 4 நாள் முன்புவரைதான் மாற்ற முடியும். செமஸ்டர் தேர்வு அட்டவணை வெளிவரும் முன் ஸ்லாட் எடுக்கும் கடைசி ஆண்டு மாணவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பல்கலைக்கழகத் தேர்வும் இதுவும் ஒரே நாளில் மோதுவது நவம்பரில் வாடிக்கை.

6. ஸ்கோர் போகும் முகவரியைத் தேர்வுக்கு முன்பே கொடுங்கள்

ஐஇஎல்டிஎஸ் பதிவின்போதே ஐந்து நிறுவனங்கள்வரை கட்டணமில்லாமல் குறிப்பிடலாம். டோஃபலில் நான்கு. அந்த நான்கையும் தேர்வுக்கு முந்தைய நாள் இரவு 10 மணிக்குள் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும், அதன்பின் ஒவ்வொன்றுக்கும் டாலரில் கட்டணம். பிடிஇ-யில் ரிசல்ட் வந்த பிறகு உங்கள் கணக்கிலிருந்தே எத்தனை பல்கலைக்கழகத்துக்கும் அனுப்பலாம்.

"மார்க் வந்த பிறகு பார்த்து அனுப்பலாம்" என்று காலியாக விடும் பழக்கம் இங்கே பலருக்கு உண்டு. மார்க் குறைந்தால் பல்கலைக்கழகம் பார்த்துவிடுமே என்ற பயம். நாள் நிறைய இருந்தால் அப்படிச் செய்யலாம், நெருக்கடியில் செய்யாதீர்கள். பிறகு நல்ல மதிப்பெண் போய்ச் சேர்ந்தால் பொதுவாக அதைத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். முன்பே கொடுத்த முகவரிக்கு ரிசல்ட் வந்ததும் தானாகப் போய்விடும், அதில் மிச்சமாகும் நாள்கள்தான் முக்கியம்.

பட்டியலில் ஒரே பெயருள்ள பல்கலைக்கழகத்துக்குப் பல வளாகங்கள் இருக்கும். டோஃபலில் ஒவ்வொன்றுக்கும் நான்கு இலக்கக் குறியீடு. அதைப் பட்டியலில் தேடி யூகிக்காமல், சேர்க்கைப் பக்கத்தில் கொடுத்துள்ள எண்ணையே போடுங்கள். வேறு வளாகத்துக்குப் போன ஸ்கோரை அவர்கள் அடுத்த வளாகத்துக்குக் கடத்திவிடுவார்கள் என்று எதிர்பார்க்க முடியாது.

7. ரிசல்ட் வந்தது, ஒரு பகுதி குறைந்தது: இப்போது என்ன?

கயல்விழி அக்டோபர் 17 எழுதினாள், 21-ஆம் தேதி ரிசல்ட். லிஸனிங் 7.5, ரீடிங் 7.0, ஸ்பீக்கிங் 6.5, ரைட்டிங் 6.0. கூட்டினால் 27, நான்கால் வகுத்தால் 6.75. ஐஇஎல்டிஎஸ்ஸில் .75 என்றால் அடுத்த முழு எண்ணுக்கு ஏறும், .25 என்றால் அரைக்கு ஏறும். ஆக மொத்தம் 7.0. வீட்டில் இனிப்பு வாங்கியிருப்பார்கள். ஆனால் ரைட்டிங் 6.0 இருக்கும்வரை அவளுடைய இரண்டு பல்கலைக்கழகத்துக்கும் இது தகுதியில்லை.

அவள் முன்னால் மூன்று வழி. முதலாவது மறுமதிப்பீடு. தேர்வு நாளிலிருந்து 6 வாரத்துக்குள் கேட்கலாம், அதாவது நவம்பர் 28 வரை. மதிப்பெண் ஏறினால் கட்டணம் திரும்பக் கிடைக்கும். பதில் சீக்கிரமும் வரலாம், 21 நாள்வரையும் ஆகலாம். அந்த 21 நாளை நம்பி வேறெதுவும் செய்யாமல் உட்கார்ந்தால் நவம்பர் நடுப்பகுதி வந்துவிடும். கேட்பதென்றால் ரிசல்ட் வந்த அன்றே கேட்டுவிட்டு, அடுத்த தேர்வின் வேலையையும் நிறுத்தாமல் பார்ப்பதுதான் முறை.

இரண்டாவது, ரைட்டிங்கை மட்டும் திரும்ப எழுதுவது. கணினி வழித் தேர்வுக்கு மட்டும் இது உண்டு. முதல் தேர்விலிருந்து 60 நாளுக்குள், ஒரு பகுதியை, ஒரே முறை எழுதலாம். அவளுக்கு அது டிசம்பர் 16 வரை திறந்திருந்தாலும் அந்தத் தேதிக்கு இங்கே அர்த்தமில்லை. நவம்பர் 19 என்ற நம் கணக்கு இதற்கும் பொருந்தும். மற்ற மூன்று பகுதியின் பழைய மதிப்பெண்ணோடு புதிய ரிப்போர்ட் தருவார்கள்.

மூன்றாவது, முழுத் தேர்வு. இரண்டு முழுத் தேர்வுகளிலிருந்து நல்லவற்றைப் பொறுக்கிச் சேர்க்கப் பொதுவாக இடமில்லை. இந்த முறை ரைட்டிங் 6.5 வந்து ஸ்பீக்கிங் 6.0-க்கு இறங்கினால் மறுபடி அதே நிலைதான்.

பணத்தாலும் உழைப்பாலும் இரண்டாவது வழிதான் அவளுக்குச் சுலபம். அதனால் அன்றே இரண்டு சேர்க்கை அலுவலகத்துக்கும் ஒரு வரியில் கேட்டு எழுதினாள்: ஒரு பகுதியை மட்டும் திரும்ப எழுதிய ரிப்போர்ட்டை ஏற்பீர்களா? ஒன்று ஏற்பதாகச் சொன்னது, மற்றது மறுத்தது. ஒன்று மறுத்தாலே கதை முடிந்தது, முழுத் தேர்வுதான். நவம்பர் 14-க்குத் திருச்சியில் ஸ்லாட் போட்டாள். இந்த முறை நான்கும் 6.5-க்கு மேல், ரிசல்ட் 18-ஆம் தேதி. தேர்வு எழுத 19 என்று வைத்திருந்த எல்லைக்கு ஐந்து நாள் முன்பே எழுத முடிந்ததற்குக் காரணம், முதல் தேர்வை அக்டோபரில் எழுதியிருந்ததுதான்.

டோஃபலில் ஒரு தேர்வுக்கும் அடுத்ததற்கும் இடையே 3 நாள் போனால் போதும். விதி அனுமதிக்கிறதே என்று அடுத்த வாரமே எழுதுபவர்களுக்குப் பெரும்பாலும் அதே மதிப்பெண்தான் வருகிறது.

8. "அனுப்பிவிட்டோம்" என்பதற்கும் "வந்துவிட்டது" என்பதற்கும் நடுவில்

ஸ்கோர் அனுப்பப்பட்டது என்று தேர்வு நிறுவனத்தின் பக்கம் காட்டும், பல்கலைக்கழகத்தின் விண்ணப்பப் பக்கமோ இன்னும் வரவில்லை என்று காட்டும். பத்து நாள்வரை இது இயல்பு. அதற்கு மேல் போனால் விசாரிக்க வேண்டும்.

அதிகம் காணும் காரணம் விண்ணப்பமே இன்னும் சமர்ப்பிக்கப்படாமல் இருப்பது. ஸ்கோர் வந்து ஓரிடத்தில் காத்திருக்கும், சேர்ப்பதற்கு ஆள் இல்லை. கட்டுரை முடியவில்லை, பரிந்துரைக் கடிதம் வரவில்லை என்று விண்ணப்பத்தைக் கடைசி நாள்வரை இழுப்பவர்கள், ஸ்கோர் பொருந்த வேண்டிய நாள்களையும் சேர்த்தே இழக்கிறார்கள். இரண்டாவது காரணம் பெயரும் மின்னஞ்சலும். பயிற்சி மையம் தன் மின்னஞ்சலில் பதிவு செய்து கொடுத்திருக்கும், விண்ணப்பம் மாணவரின் மின்னஞ்சலில் இருக்கும். பதிவை நீங்களே, உங்கள் மின்னஞ்சலில் செய்யுங்கள்.

விசாரிக்கும் கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்: பாஸ்போர்ட்டில் உள்ள பெயர், பிறந்த தேதி, விண்ணப்ப எண், தேர்வு நாள், ரிப்போர்ட் எண், எந்த நாளில் அனுப்பப்பட்டது. ஐஇஎல்டிஎஸ் ரிப்போர்ட் எண்ணை வைத்துப் பல்கலைக்கழகமே இணையத்தில் மதிப்பெண்ணைச் சரிபார்த்துக்கொள்ள முடியும். அந்த எண் கடிதத்தில் இருந்தால் பல சமயம் அன்றே வேலை முடிகிறது.

9. ஆங்கிலம் அல்லாத தேர்வு என்றால்

மேலே சொன்ன எண்ணும் முறை மாறாது, ஆனால் தேதிகள் உங்கள் கையில் இருக்காது. ஜெர்மனுக்குச் சென்னை கோத்தே நிலையம் பதிவைத் திறக்கும் நாளைப் பார்த்து அன்றே உட்கார வேண்டும், இடங்கள் வேகமாகத் தீரும். பி1, பி2 நிலைகளில் நான்கு பகுதிகளையும் தனித்தனியாக எழுதலாம், ஒவ்வொன்றிலும் 60 மதிப்பெண் வேண்டும். தவறிய பகுதியை மட்டும் மறுபடி எழுதவும் அடுத்த பதிவு திறக்கும்வரை காத்திருக்க வேண்டும். குளிர்காலப் பருவத்துக்குப் பல ஜெர்மன் பல்கலைக்கழகங்களின் கடைசித் தேதி ஜூலை 15 என்பதால், முதல் முயற்சியை முந்தைய ஆண்டு முடிவதற்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜப்பானிய மொழியின் ஜேஎல்பிடி இந்தியாவில் ஜூலையிலும் டிசம்பரிலும், ஆண்டுக்கு இரண்டே முறை. பதிவு பல மாதம் முன்பே முடிந்துவிடும். டிசம்பர் தேர்வின் ரிசல்ட் ஜனவரி கடைசியில்தான் வரும். அதற்குள் ஏப்ரலில் தொடங்கும் படிப்புகள் பலவற்றுக்கு விண்ணப்பம் முடிந்திருக்கும். அப்படிப்பட்டவர்கள் ஜூலைத் தேர்வை எழுதி, ஆகஸ்ட் இறுதியில் வரும் ரிசல்ட்டோடு விண்ணப்பிக்க வேண்டும்.